மூன்று கட்ட பாஸ் சண்டை: கற்றுத் தராததைச் சோதிக்காதீர்கள்

எங்கள் குழு உருவாக்கிவந்த இருபரிமாண பிளாட்ஃபார்மர் வீடியோ விளையாட்டில் மூன்றாவது பெரிய எதிரியாக வரும் பாஸை எழுதி முடித்து, வெளியாட்களை அழைத்து விளையாடவைத்த நாளில் நான் திரையைவிட அவர்களுடைய விரல்களையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு கட்டங்களை நிதானமாகக் கடந்த ஓர் இளைஞர், மூன்றாம் கட்டம் தொடங்கித் தரை இடிந்ததும் கன்ட்ரோலரில் இருந்த பொத்தான்களை எல்லாம் மாறிமாறி அழுத்தத் தொடங்கினார். ஏழு முறை செத்த பிறகு, "சுவரில் உதைத்துத் தாவலாம் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது" என்றார். அவர் மறந்தது அவருடைய குற்றம் அல்ல. அந்தத் தாவலைக் கற்றுக்கொடுத்த இடத்திற்கும் பாஸின் வாசலுக்கும் நடுவே, அது ஒருமுறைகூடத் தேவைப்படாத நாற்பது நிமிடங்களை நாங்கள்தான் வைத்திருந்தோம்.

பாஸ் சண்டை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாஸின் உருவத்திலிருந்தும் அதன் தாக்குதல்களிலிருந்தும் தொடங்குகிறார்கள். மூன்று கட்டங்களும் மூன்று வெவ்வேறு திறன்களைச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், ஆட்டக்காரர் அதுவரை கற்ற திறன்களின் பட்டியலிலிருந்து தொடங்குவதே சரி. அந்தப் பட்டியலில் திறனின் பெயரும் அதைக் கற்றுக்கொடுத்த இடமும் எல்லோரும் எழுதுவதுதான். நாங்கள் எழுதத் தவறியவை இரண்டு: அந்தத் திறன் கடைசியாக எங்கே தேவைப்பட்டது, எந்த அளவுகளோடு பழக்கப்பட்டது. 1998-இல் வெளிவந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டில் முதல் நிலவறையிலேயே கிடைக்கும் கவண், அதே நிலவறையின் முடிவில் வரும் கோமாவின் கண்ணை அடித்து வீழ்த்தப் பயன்படுகிறது. கற்பதற்கும் சோதிப்பதற்கும் இடையே தூரம் குறைவு என்பதால், அங்கே மறதிக்கு அதிக இடமில்லை.

எங்கள் பாஸ் ஒரு மணிக்கூண்டுக் காவலன். முதல் கட்டம் சட்டென்று பாய்ந்து விலகும் டேஷையும், இரண்டாம் கட்டம் வரும் தாக்குதலைச் சரியான நேரத்தில் தட்டிவிடும் பேரியையும், மூன்றாம் கட்டம் சுவர்த் தாவலையும் சோதிக்க வேண்டும் என்பது திட்டம்.

முதல் கட்டத்தில் காவலன் சம்மட்டியைத் தரையோடு வீசுவான். ஆட்டக்காரர் அதன் ஊடே டேஷ் செய்து பின்பக்கம் போய் அடிக்க வேண்டும். கண்ணால் ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய கால் வினாடி ஆகும். ஆகவே நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் எங்கள் விளையாட்டில், சம்மட்டி உயர்வதற்கும் அடி விழுவதற்கும் இடையே 30 ஃபிரேம் கொடுத்தோம். பார்ப்பதற்குப் பாதி, தீர்மானிப்பதற்குப் பாதி. அப்படியும் பலர் சரியான நேரத்தில் அழுத்தியதாக நம்பியும் அடி வாங்கினார்கள். கணக்கிட்டபோது காரணம் தெரிந்தது. டேஷில் அடிபடாத நேரம் 8 ஃபிரேம், சம்மட்டியில் பட்டால் அடி விழும் பகுதியான ஹிட்பாக்ஸ் உயிரோடு இருந்தது 5 ஃபிரேம். அந்த ஐந்தையும் எட்டுக்குள் அடக்க, டேஷ் பொத்தானை அழுத்துவதற்குக் கிடைத்த இடைவெளி வெறும் 4 ஃபிரேம், அதாவது ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதற்கு முன் வந்த சாதாரண எதிரிகளிடம் அவ்வளவு துல்லியம் ஒருபோதும் கேட்கப்படவில்லை.

டேஷை நீட்டிவிடலாம் என்பது முதலில் தோன்றிய யோசனை. அதைச் செய்யாமல் விட்டதை இன்றும் நல்ல முடிவாகக் கருதுகிறேன். ஆட்டக்காரரின் கையில் ஏறிவிட்ட ஒரு செயலை ஒரு பாஸுக்காக மாற்றினால், அவர் மணிக்கணக்கில் பழகியது அத்தனையும் கலைந்துபோகும். மாற வேண்டியது பாஸ்தான். ஹிட்பாக்ஸை 3 ஃபிரேமாகக் குறைத்தோம். அழுத்தும் இடைவெளி 6 ஃபிரேம் ஆனது, சோதனை அதே சோதனையாகவே நின்றது.

இதே கட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. சிலர் டேஷ் செய்யாமல் சம்மட்டியின் மேலாகக் குதித்துத் தப்பினார்கள். அது தவறான ஆட்டம் அல்ல, ஆனால் டேஷைச் சோதிக்கும் கட்டத்தை டேஷ் இல்லாமலே கடந்துவிடலாம் என்றால் அங்கே சோதனையே நடக்கவில்லை. சம்மட்டியின் பின்னால் குதிக்கும் உயரத்தையும் தாண்டி எழும் தூசி அலையைச் சேர்த்து அந்த வழியை மூடினோம்.

இரண்டாம் கட்டத்தில் காவலன் மேலே ஏறிக்கொண்டு மணியின் துண்டுகளை எறிவான். மஞ்சள் நிறத் துண்டைப் பேரி செய்தால் அது திரும்பிப்போய் அவனையே தாக்கும். இங்கே எழுந்த சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் கட்டம் டேஷை நன்றாக நினைவூட்டிவிட்டதால், ஆட்டக்காரர்கள் இரண்டாம் கட்டத்திலும் டேஷ் செய்துகொண்டே இருந்தார்கள். அடி படவில்லை, சண்டையும் நகரவில்லை. தாம் பிழைத்திருப்பதையே சரியாக ஆடுவதாக எண்ணி, இரண்டு மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. கட்டம் மாறிவிட்டது என்பதை இசையும் நிறமும் சொன்னால் போதாது. கேள்வி மாறிவிட்டது என்பதைக் கட்டத்தின் முதல் தாக்குதலே சொல்ல வேண்டும். அதனால் இரண்டாம் கட்டத்தின் முதல் துண்டை மட்டும் பாதி வேகத்தில், தனியாக, நேராக வரவைத்தோம். விளையாட்டின் இரண்டாம் பகுதியில் பேரியைக் கற்றுக்கொடுத்தபோது ஒலித்த அதே மணியோசையை அதற்கும் வைத்தோம். நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அது எட்டாது என்பதால், பேரி செய்யக்கூடிய துண்டுகளுக்கு வட்ட வடிவமும் மற்றவற்றுக்குக் கூரிய வடிவமும் கொடுத்தோம்.

மூன்றாம் கட்டத்திற்கு வருகிறேன், ஏனெனில் உண்மையான பாடம் அங்கேதான் கிடைத்தது. ஒவ்வொரு சாவின்போதும் எந்தக் கட்டம், கடைசியாக அழுத்தப்பட்ட பொத்தான் எது, அது அடி விழுந்த நேரத்திலிருந்து எத்தனை ஃபிரேம் தள்ளி இருந்தது என்ற மூன்றை மட்டும் பதிவு செய்யும் ஒரு சிறு நிரலைச் சேர்த்தோம். அந்தப் பதிவைப் படிக்கும் முறை எளிது. சரியான பொத்தான், சில ஃபிரேம் தாமதம் என்றால் ஆட்டக்காரருக்குத் திறன் தெரியும், பயிற்சிதான் வேண்டும். அந்தச் சாவு நியாயமானது. எந்தப் பொத்தானும் அழுத்தப்படவில்லை என்றால் அவர் முன்னறிவிப்பைப் பார்க்கவே இல்லை. அசைவையோ ஒலியையோ திருத்த வேண்டும். தவறான பொத்தான் என்றால் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. எங்கள் முதல் இரண்டு கட்டங்களின் சாவுகளில் பெரும்பாலானவை முதல் வகை. மூன்றாம் கட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே தவறான பொத்தான்: டேஷ், பேரி, அடி, மறுபடியும் டேஷ்.

சாவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் மூன்றாம் கட்டம் கடினமாக இருக்கிறது என்று முடிவு செய்து சேதத்தைக் குறைத்திருப்போம். அது எதையும் தீர்த்திருக்காது. பதிலாக, பாஸின் அறைக்கு முன்னால் எதிரிகளே இல்லாத ஒரு செங்குத்தான கிணற்றை வைத்தோம். சுவர்த் தாவலால் மட்டுமே அதில் ஏற முடியும், வேறு வழியில்லை. அதன் சுவர்களுக்குப் பாஸ் அறையின் அதே செங்கல் தோற்றத்தைக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகும் சிலர் தடுமாறினார்கள், ஆனால் பதிவில் இப்போது சரியான பொத்தான்தான் இருந்தது. தாவியும் எதிர்ச் சுவரை எட்டாமல் விழுந்தார்கள். மூன்றாம் பகுதியில் தாவப் பழகிய இடங்கள் எல்லாம் நான்கு கட்டை அகலம், பாஸ் அறையின் சுவர்களுக்கு இடையே ஆறு கட்டை. பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் எட்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அறையின் இருபுறமும் மணிக்கயிற்றுத் தூண்களை நிறுத்தி இடைவெளியை நான்காக்கினோம்.

கட்டங்கள் மாறும் தருணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலமாக அடிக்கும் ஆயுதம் வைத்திருந்த ஒருவர், முதல் கட்டத்தின் கடைசி அடியிலேயே இரண்டாம் கட்டத்தின் ஹெல்த்திலும் பாதியைத் தின்றுவிட்டார். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் அடிவரம்பு வைத்து, அதற்குக் கீழே சேதம் இறங்காமல் தடுப்பதே இதற்கு வழி:

```
hp = max(hp - damage, phase_floor[phase])
if hp == phase_floor[phase] and not in_transition:
    clear_projectiles()
    player.invulnerable = True
    start_transition(phase + 1)
```

நடுவிலுள்ள இரண்டு வரிகள் ஒரு வருத்தமான காட்சிக்குப் பிறகு வந்தவை. பேரி செய்து இரண்டாம் கட்டத்தை முடித்த ஒருவர், ஏற்கெனவே காற்றில் இருந்த இன்னொரு துண்டு பட்டு, கன்ட்ரோலர் செயல்படாத இடைக்காட்சியின் நடுவில் செத்துப்போனார்.

மூன்றாம் கட்டத்தில் செத்தவர் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டுமா என்பதில் எங்கள் குழுவில் ஒருமித்த கருத்து இல்லை. தேறிவிட்ட சோதனையை மீண்டும் மீண்டும் எழுதவைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. தொடக்கத்திலிருந்து மூன்றையும் ஒரே மூச்சில் கடப்பதில்தான் வெற்றியின் சுவை இருக்கிறது என்பது மற்றவர்களுடைய கருத்து. இறுதியில் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்தோம், ஆனால் திறமையாக ஆடுகிறவர் ஒன்றரை நிமிடத்திற்குள் மூன்றாம் கட்டத்தை அடைந்துவிடும்படி முதல் இரண்டின் ஹெல்த்தைக் குறைத்தோம்.

திருத்தங்கள் முடிந்த பிறகு அந்த இளைஞரையே மறுபடி அழைத்தோம். மூன்றாம் கட்டத்தில் அவர் நான்கு முறை செத்தார். பதிவில் நான்கு வரிகளிலும் தாவும் பொத்தான்தான் இருந்தது. தாமதம் முறையே 11, 9, 4, 3 ஃபிரேம்.