சுகர் 104, அடுத்த வாரம் 109: ஏறியதா, ஏறவில்லையா?

வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் போன தடவை ரிப்போர்ட்டையும் மடித்துக் கையில் வைத்திருப்பார்கள். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு அம்மா இரண்டையும் மேசையில் விரித்து, "தம்பி, போன வாரம் வெறும் வயித்துல 104. இப்ப 109. சோத்தக் குறைச்சும் ஏறிடுச்சே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த 5 உண்மையிலேயே ஏற்றமா என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் மெஷின் ஒரே ரத்தத்தை அளந்தாலே எண் எவ்வளவு ஆடும் என்பது முதலில் தெரிய வேண்டும். அந்த ஆட்டத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. பள்ளியில் திட்ட விலக்கம் என்று படித்திருப்பீர்கள்.

காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் மெஷினில் வைப்பது கண்ட்ரோல் என்கிற சீரம். சிறிய பாட்டிலில் உலர்ந்த பொடியாக வரும். வடிநீர் 5 மி.லி. அளந்து ஊற்றி, நுரை வராமல் மெதுவாக உருட்டிக் கரைக்க வேண்டும். அதில் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே சீட்டில் அச்சிட்டுக் கொடுத்திருப்பார்கள். தினமும் அதே கண்ட்ரோல் என்பதால், அளவும் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. புரிந்துகொள்ள வசதியாக ஐந்து காலைகளின் எண்களை இப்படி வைத்துக்கொள்வோம்:

98, 101, 103, 99, 104

கூட்டினால் 505. ஐந்தால் வகுத்தால் சராசரி 101. இனி ஒவ்வொரு எண்ணும் அந்த 101-லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கலாம். 98 மூன்று கீழே, 101 அதே இடத்தில், 103 இரண்டு மேலே, 99 இரண்டு கீழே, 104 மூன்று மேலே. இந்தத் தூரங்களை அப்படியே கூட்டிப் பாருங்கள்: −3, 0, +2, −2, +3. விடை பூஜ்ஜியம். எந்த ஐந்து எண்களை எடுத்தாலும் பூஜ்ஜியம்தான் வரும், ஏனென்றால் மேலேயும் கீழேயும் உள்ள தூரங்கள் சமமாகிற இடத்தைத்தான் சராசரி என்கிறோம்.

அதனால் கூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம்: 9, 0, 4, 4, 9. கழித்தல் குறி போய்விட்டது. கூட்டுத்தொகை 26. இதை 4-ஆல் வகுத்தால் 6.5. வர்க்கப்படுத்தியதைத் திரும்ப எடுக்க வர்க்கமூலம் போட்டால் 2.55. அவ்வளவுதான் கணக்கு. இந்த மெஷினின் அளவு வழக்கமாகச் சராசரியிலிருந்து சுமார் இரண்டரை மி.கி. தள்ளி விழும் என்று அர்த்தம்.

குறிகளை விட்டுவிட்டுத் தூரங்களை மட்டும் சராசரி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். தாராளமாக எடுக்கலாம்: 3, 0, 2, 2, 3, கூட்டினால் 10, ஐந்தால் வகுத்தால் 2. நம் 2.55 அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வர்க்கப்படுத்தும்போது ரொம்பத் தள்ளி நிற்கிற எண்ணுக்குக் கூடுதல் எடை கிடைப்பதால் திட்ட விலக்கம் கொஞ்சம் பெரிதாக வரும். பரிசோதனைக் கூடத்தில் அது நல்லதுதான், எங்களுக்குக் கவலை தருவதே அந்தத் தள்ளி விழும் அளவுகள்தானே.

ஐந்து எண்கள் இருக்க 4-ஆல் ஏன் வகுத்தேன்? பத்தாம் வகுப்பில் 5-ஆல் வகுக்கத்தான் கற்றுக்கொண்டோம், அப்படிச் செய்தால் 2.28 வரும். இருப்பதே இந்த ஐந்து எண்கள்தான் என்றால் அது சரி. எங்களுக்கோ இவை வெறும் மாதிரி, மெஷினின் மொத்த நடத்தையை இவற்றை வைத்து ஊகிக்கிறோம். 101 என்ற சராசரியையும் இந்த ஐந்திலிருந்தே எடுத்ததால் அது இவற்றுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துவிடுகிறது, தூரங்கள் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரிகின்றன. 4-ஆல் வகுப்பது அந்தக் குறையை ஈடுகட்ட. எக்செல்லில் போடுகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்:

```
=STDEV.S(A1:A5)
=STDEV.P(A1:A5)
```

முதலாவது 2.55 காட்டும், இரண்டாவது 2.28. மாதிரிக்கு முதலாவதுதான்.

இப்போது இன்னொரு மெஷின் அதே ஐந்து காலைகளில் 89, 113, 101, 96, 106 என்று காட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். இதன் சராசரியும் 101-தான். சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மார்க் போட்டுவிடுவோம். தூரங்கள் 12, 12, 0, 5, 5. வர்க்கங்களின் கூட்டு 338, நான்கால் வகுத்தால் 84.5, வர்க்கமூலம் 9.2. இந்த மெஷினில் சர்வீஸ் ஆளைக் கூப்பிடாமல் ஒரு நோயாளியின் ரத்தத்தையும் வைக்கக் கூடாது.

சரி, அந்த அம்மாவின் 5-க்கு வருவோம். 104-லும் ஆட்டம் உண்டு, 109-லும் உண்டு. இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது இரண்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும், ஆனால் இரட்டிப்பாகாது. இங்கேயும் வர்க்கங்கள்தான் கூடும்: 6.5-உம் 6.5-உம் 13, வர்க்கமூலம் 3.6. வித்தியாசம் இதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 7 தாண்டினால்தான் வெறும் மெஷின் ஆட்டம் என்று தள்ளிவிட முடியாது. 5 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதுவும் மெஷினை மட்டும் வைத்துச் சொன்னது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே ஆளுக்கு ஒரே மாதிரிச் சாப்பாட்டிலும் நாளுக்கு நாள் சுமார் 5 சதவீதம் ஆடும். அதையும் சேர்த்தால் 15, 16 வரை வித்தியாசம் வந்தால்கூட ஏறியது, இறங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது. "ஏறலம்மா, இரண்டும் ஒண்ணுதான்" என்றேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

வெறும் வயிற்றில் நீரிழிவு தொடங்குவதாகக் கொள்ளும் 126 என்ற எல்லைக்குப் பக்கத்தில் எண் வரும்போது இது இன்னும் முக்கியம். இன்று 124, நாளை 128 வருவதற்கு மெஷின் ஆட்டமே போதும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ரிப்போர்ட்டை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டாமல் டாக்டர்கள் மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஐந்து எண்கள் கணக்கு விளங்கப் போதும், கூடத்தை நடத்தப் போதாது. குறைந்தது 20 நாள் அளவுகளைச் சேர்த்துத்தான் நாங்கள் திட்ட விலக்கத்தை வைக்கிறோம். ஐந்தில் ஒன்று தப்பாகப் போனாலே மொத்தமும் புரண்டுவிடும். 104-ஐ 140 என்று தட்டிவிட்டால் சராசரி 108.2, திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 18. மற்ற நான்கும் நெருக்கமாக இருக்க விலக்கம் மட்டும் இவ்வளவு பெரிதாக வந்தால், மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன் எழுதி வைத்த நோட்டைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், திட்ட விலக்கத்தின் கண்ணுக்கே படாத தவறு ஒன்று உண்டு. கண்ட்ரோல் பொடியில் 5 மி.லி.க்குப் பதில் நாலரை மி.லி. ஊற்றிவிட்டால் கரைசல் கெட்டியாகி, அந்தப் பாட்டிலின் எல்லா அளவும் 10 மி.கி.க்கு மேல் கூடுதலாக வரும். எல்லாமே சேர்ந்து நகர்வதால் ஒன்றுக்கொன்று உள்ள தூரம் பெரிதாக மாறாது, விலக்கமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். மெஷினின் கேலிப்ரேஷன் நகர்ந்தாலும் இதே கதை. அதைப் பிடிக்க, சராசரியைச் சீட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காட்பாடியில் ஒரு கூடம், ஆற்காட்டில் ஒரு கூடம் என்று மாறி மாறிப் பார்க்கிறவர்களின் ரிப்போர்ட்டுகளில் இந்த நகர்வும் சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன 7, 16 கணக்கெல்லாம் ஒரே கூடத்தில், ஒரே மெஷினில் பார்த்த ரிப்போர்ட்டுகளுக்குத்தான்.