உறிஞ்சுகுழியின் அளவை மண்தான் சொல்ல வேண்டும்

செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமான நீர் அல்ல. அதை மண்ணுக்குள் இறக்கத்தான் உறிஞ்சுகுழி வெட்டுகிறோம். பல இடங்களில் "நாலடி அகலம், ஆறடி ஆழம்" என்று வாய்க்கணக்கிலேயே வேலை முடிந்துவிடுகிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, இரண்டாம் பாகம் அப்படிச் சொல்வதில்லை. முதலில் மண் எவ்வளவு வேகமாக நீரை வாங்குகிறது என்று சோதிக்க வேண்டும், அப்புறம்தான் அளவு.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் ஒரு சிறு குழி போதும். ஆனால் உறிஞ்சுகுழி எந்த ஆழத்தில் வேலை செய்யப் போகிறதோ, அந்த ஆழத்து மண்ணில் அது இருக்க வேண்டும். மேலே செம்மண்ணும் ஒரு மீட்டருக்குக் கீழே களியும் இருந்தால், மேல்மண்ணில் கிடைக்கும் விடையால் பயனில்லை. ஈரக் களியில் கடப்பாரை பட்ட இடம் மெழுகியதுபோல் அடைபட்டுவிடும். அதனால் கூரான கம்பியால் பக்கங்களையும் அடியையும் கீறிவிட்டு, உதிர்ந்ததை அள்ளி, அடியில் 5 செ.மீ. பெருமணலோ சிறு ஜல்லியோ போடுங்கள்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது அடுத்த வேலையைத்தான். ஜல்லிக்கு மேல் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, குறைந்தால் மறுபடி ஊற்றி, ஓர் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காய்ந்த களிமண்ணும் கரிசலும் வெடிப்புகள் வழியே நீரைக் குடிக்கும். ஊறி உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண் என்றும் ஊறிய நிலையில்தான் இருக்கும் என்பதால் அந்த நிலையில் அளந்தால்தான் கணக்கு நிற்கும். வெறும் மணலுக்கு இந்த ஊறல் தேவையில்லை.

மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. நீர் நிற்கும்படி வைத்து, 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரவு ஊற்றிய நீர் காலையிலும் மிச்சமிருந்தால் இந்த ஒரு அளவே போதும். முழுக்க வற்றியிருந்தால், தேவைப்படும்போது நிரப்பிக்கொண்டு, நான்கு மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறை அளந்து, கடைசி அளவை மட்டும் எடுங்கள். அரைமணிக்குள்ளேயே 15 செ.மீ. நீரும் இறங்கிவிடும் மண்ணில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் அளந்தால் போதும். நீர் 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்பதே அந்த மண்ணின் கசிவு வேகம். 204-ஐ அந்த நிமிடங்களின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்று கிடைக்கும்.

டேங்குக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் வரும் வீட்டை எடுத்துக்கொள்வோம். கடைசி அரைமணியில் 75 மி.மீ. இறங்கியது என்றால் கசிவு வேகம் 10 நிமிடம், தாங்கும் அளவு சுமார் 65 லிட்டர். 500-ஐ 65-ஆல் வகுத்தால் 7.7 சதுர மீட்டர். இது குழியின் பக்கச் சுவர்ப் பரப்பு, அதுவும் நீர் வரும் குழாய்க்குக் கீழே உள்ள பகுதி மட்டும். அடிப்பரப்பைச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் வண்டல் படிந்து முதலில் அடைவது அடிதான். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள குழியின் சுற்றளவு 4.7 மீட்டர். ஆக, குழாய்க்குக் கீழே சுமார் 1.65 மீட்டர் ஆழம் வேண்டும்.

இதே வீடு மணற்பாங்கில் இருந்து 2 நிமிடம் வந்தால் 3.5 சதுர மீட்டர் போதும். 1.2 மீட்டர் விட்டக் குழிக்குக் கணக்குப்படி 90 செ.மீ. சொச்சம் ஆழம் வரும். ஆனால் குழாய்க்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் என்பது விதி. களி கலந்த மண்ணில் 30 நிமிடம் வந்தால் 13.5 சதுர மீட்டர் தேவை. ஒரே குழியை ஆழமாகத் தோண்டுவதைவிட இரண்டாகப் பிரிப்பது நல்லது. 30 நிமிடத்தைத் தாண்டினால் உறிஞ்சுகுழியே சரிப்படாது, நீளவாக்கில் ஆழம் குறைந்த ஜல்லி வாய்க்கால்களுக்குப் போக வேண்டும். 60-ஐயும் தாண்டினால் மண்ணை நம்பாமல் வடிகட்டித் தொட்டி போன்ற வேறு வழியைத்தான் தேட வேண்டும். கெட்டிக் களியில் குழியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது இன்னொரு தொட்டிதான்.

சோதனை நன்றாக வந்தாலும், நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் ஏறும் இடத்தில் ஆழமான குழி கூடாது. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும், வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். நீரை மிக வேகமாக விழுங்கும் மண்ணில் கிணற்றுத் தூரத்தை இன்னும் கூட்டுவது என் யோசனை. அங்கே கிருமிகளை வடிகட்டி நிறுத்த மண்ணுக்கு நேரமே கிடைக்காது.

கணக்கு சரியாக இருந்தும் கட்டுமானத்தில் கெடுவது உண்டு. துளையில்லாத சிமென்ட் உறைகளை அடுக்கி இணைப்பையும் பூசிவிட்டால், நாம் கணக்குப் போட்ட பக்கப் பரப்பு முழுவதும் அடைபட்டுவிடும். குழாய்க்குக் கீழே கலவையில்லாமல் இடைவெளிவிட்டு அடுக்கிய கல்லும், அதன் பின்னால் ஜல்லியும் இருக்க வேண்டும். கூரை மழைநீரை இதற்குள் விடாதீர்கள்.

பிறகு சந்தேகம் வந்தால், மழையில்லாத நாளில் காலையில் யாரும் தண்ணீர் புழங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். நீர் குழாய் மட்டத்திலேயே நின்றால் மண் அடைத்துவிட்டது. உடனே குழியை ஆழப்படுத்தாமல், டேங்கில் கசடு நிறைந்து வழிகிறதா என்று முதலில் பாருங்கள். வழிந்துகொண்டிருந்தால் புதுக்குழியும் அதே கசடால் அடையும்.