ஸ்டார்-டெல்டா: மின்னோட்டம் குறைகிறது, கூடவே விசையும்

22 கிலோவாட், 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் ஓடும்போது அது இழுப்பது சுமார் 40 ஆம்பியர். நின்றுகொண்டிருக்கும் அதே மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால், ஆறு மடங்கு, அதாவது 240 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலும் பாகமான ரோட்டார் அசையாமல் இருக்க, அதைச் சூழ்ந்து நிலையாக நிற்கும் ஸ்டேட்டரின் காந்தப்புலம் மட்டும் முழு வேகத்தில் சுற்றுவதுதான் காரணம். ரோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் குறையும், மின்னோட்டமும் இறங்கும். அதற்குள் லைன் வோல்டேஜ் சரிந்து பக்கத்து இயந்திரங்கள் தடுமாறலாம்.

இந்த மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளும் டெல்டாவில், அதாவது முக்கோணமாக இணைந்து ஓடுவதற்கென்றே சுற்றப்பட்டவை. ஒவ்வொன்றின் மேலும் முழு 415 வோல்ட் விழும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் செய்வதுபோல, தொடங்கும்போது மட்டும் அவற்றின் ஒரு முனைகளை ஒன்றாகச் சேர்த்து ஸ்டாரில் இணைத்தால், ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான், 58 சதவீதம். வைண்டிங்கில் ஓடும் மின்னோட்டமும் அதே அளவுக்குக் குறையும். டெல்டாவில் ஒரு லைன் இரண்டு வைண்டிங்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் லைன் மின்னோட்டம் வைண்டிங் மின்னோட்டத்தைப்போல் 1.73 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. இந்த இரண்டு குறைவும் சேர்ந்துதான் லைனில் 240 ஆம்பியர் 80 ஆகிறது, சரியாக மூன்றில் ஒரு பங்கு.

முறுக்குவிசையும் அதே விகிதத்தில் விழுகிறது. அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.58-ஐ 0.58-ஆல் பெருக்கினால் மூன்றில் ஒன்று. நம் மோட்டார் டெல்டாவில் தொடங்கும்போது முழு லோடு முறுக்குவிசையைப்போல் இரண்டு மடங்கு கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஸ்டாரில் மிஞ்சுவது 67 சதவீதம்.

மையவிலக்கு பம்புக்கு இது தாராளம். அதன் லோடு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் தொடக்கத்தில் பெரிதாக எதிர்ப்பு இருக்காது. டெலிவரி வால்வையும் மூடி வைத்தால் இன்னும் சுலபம். ஆம்மீட்டர் முள் 80-க்கு ஏறி, சில வினாடிகளில் மளமளவென்று இறங்கும். அது இறங்கி நின்றபின் டைமர் டெல்டாவுக்கு மாற்றினால், ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அதே மோட்டாரைச் சரக்கு நிறைந்த கன்வேயரில் மாட்டுங்கள். பெல்ட்டை அசைக்கவே முழு லோடு முறுக்குவிசையில் 80 சதவீதம் தேவை என்று வைப்போம். கையில் இருப்பது 67. மோட்டார் உறுமும், ஷாஃப்ட் நகராது, முள் 80-லேயே நிற்கும். டைமர் நேரம் முடிந்ததும் ஸ்டார் இணைப்பைத் தரும் சுவிட்சான ஸ்டார் காண்டாக்டர் விட்டு டெல்டா காண்டாக்டர் பிடிக்கும். நின்ற நிலையிலேயே 240 ஆம்பியர் பாயும். தவிர்க்க நினைத்த அதே அதிர்ச்சி, சில வினாடி தாமதித்து வருகிறது, அவ்வளவுதான்.

பாதி வேகத்தில் திணறி நிற்கும் இயந்திரங்களும் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் வெளியேறாத பிஸ்டன் கம்ப்ரசர் அப்படி நிற்கலாம். அந்த வேகத்தில் டெல்டாவுக்கு மாறினாலும் மின்னோட்டம் நேரடித் தொடக்கத்துக்கு வெகு அருகில் போய்விடும். போதாததற்கு, மாறும் கணத்தில் மோட்டார் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் இணைகிறது. அந்த இடைவெளியில் ரோட்டாரில் எஞ்சிய காந்தப்புலம் வைண்டிங்கில் ஒரு வோல்டேஜை உண்டாக்கும். லைன் வோல்டேஜோடு அது ஒத்துப்போகாத நேரத்தில் டெல்டா பிடித்தால், ஒரு கணம் எழும் உச்சம் நேரடித் தொடக்கத்தின் உச்சத்தையும் தாண்டலாம்.

இந்த இடத்தில் பலரும் செய்வது டைமர் நேரத்தைக் கூட்டுவது. மெதுவாகவேனும் வேகம் ஏறிக்கொண்டிருந்தால் அது உதவும். முள்ளே நகராத இடத்தில் ஆபத்து. டெல்டாவில் முழு லோடில் ஓடும்போது ஒரு வைண்டிங்கில் செல்வது 23 ஆம்பியர். ஸ்டாரில் நின்றுபோன மோட்டாரின் வைண்டிங்கில் ஓடுவதோ 80, அதாவது மூன்றரை மடங்கு. வெப்பம் பன்னிரண்டு மடங்கு. ஷாஃப்ட் சுற்றாததால் விசிறிக் காற்றும் இல்லை. லைனில் 40 ஆம்பியருக்கு வைத்த ஓவர்லோடு ரிலேவுக்கு இது வெறும் இரண்டு மடங்காகத்தான் தெரியும், நிதானமாகத்தான் ட்ரிப் ஆகும். வைண்டிங்குகளோடு தொடராக, 23 ஆம்பியருக்கு வைத்த ரிலே மூன்றரை மடங்கையும் பார்க்கும் என்பதால் அந்த இணைப்பே நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது லோடை இறக்க முடியுமா என்பதுதான். கம்ப்ரசரில் அன்லோடர் வால்வு திறக்கிறதா, பெல்ட்டைக் காலி செய்துவிட்டு நிறுத்த வழியுண்டா? முடியாதென்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டருக்குத் தாவுவதில் பெரிய லாபமில்லை. வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும் அந்தக் கருவியால் 58 சதவீதத்துக்கு மேலும் கொடுக்க முடியும், ஆனால் விசை கூடும்போது மின்னோட்டமும் கூடவே ஏறும். வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் சேர்த்தே குறைத்துத் தொடங்குவதால், காந்தப்புலத்தின் வேகமும் மெதுவாகவே ஏறும்; முழு லோடு மின்னோட்டத்தை ஒட்டிய அளவிலேயே முழு முறுக்குவிசை கிடைத்துவிடும்.