பின் நம்பரின் பீப் ஒலியைப் பகிராதீர்கள்

போன வாரமும் ஒருவர். வங்கியின் தானியங்கி சேவையை ஸ்பீக்கரில் அழைத்து, நடந்ததை இன்னொரு போனில் பதிவு செய்து, "எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், கேளுங்கள்" என்று உறவினர்கள் குழுவில் போட்டுவிட்டார். நடுவில் ஆறு பீப். அவருடைய தொலைபேசி பின் நம்பர் அது. இணைப்பகக் கருவிகளோடு வேலை செய்கிற எனக்கு இதைக் கேட்டால் பதறுகிறது.

"வெறும் பீப்தானே, அதைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்?" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அந்த ஒலி உங்கள் காதுக்காக உருவானதே இல்லை. எந்த எண்ணை அழுத்தினீர்கள் என்று எதிர்முனை இயந்திரத்துக்குச் சொல்வதுதான் அதன் ஒரே வேலை. அதில் பூட்டும் இல்லை, ரகசியமும் இல்லை. உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான்.

ஒவ்வொரு பொத்தானும் இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்து ஒலிக்கும்: வரிசைக்கு ஒன்று, நெடுக்குக்கு ஒன்று. வரிசைகளுக்கு மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுக்குகளுக்கு இடமிருந்து வலமாக 1209, 1336, 1477. ஆக, 5 என்றால் 770-உம் 1336-உம்.

பீப் ஒலியிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்கிற டிகோடர் முழு ஒலியையும் அலசுவதில்லை. நொடிக்கு 8000 மாதிரிகள் எடுத்து, வழக்கமாக 205 மாதிரிகளை, அதாவது நொடியின் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கை, ஒரு துண்டாக வைத்து, இந்த அலைவரிசைகளில் மட்டும் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்கும். கோர்ட்ஸல் கணக்கு என்போம். வரிசை அலைவரிசைகளில் ஒன்றும் நெடுக்கு அலைவரிசைகளில் ஒன்றும் ஏறக்குறைய ஒரே வலுவில் தூக்கி நின்று, மற்றவை அடங்கியிருந்து, அது சுமார் 40 மில்லிநொடியாவது நீடித்தால் எண் உறுதி. மனிதக் குரல் இப்படிச் சரியான ஜோடியாக அமைவது அரிது. அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்கள்.

அவர் சம்மதத்தோடு அந்தப் பதிவை ஒரு டிகோடரில் ஓட்டினேன். ஐந்து எண்கள் உடனே வந்துவிட்டன. நான்காவது எண்ணின்போது அவரே "இருங்க" என்று யாரிடமோ சொல்லியிருந்தார். வரிசைக்கான ஒலி குரலில் மூழ்கி, 1336 மட்டும் தெரிந்தது. நடு நெடுக்கு, அப்படியென்றால் 2, 5, 8, 0 இவற்றில் ஒன்று. மிச்சம் நான்கே வாய்ப்பு! அன்றே பின்னை மாற்ற வைத்தேன்.

தயவுசெய்து பின், கார்டு எண் அழுத்தும்போது ஸ்பீக்கரை அணையுங்கள், பதிவை நிறுத்துங்கள். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், பதிவை அழித்ததோடு விடாமல் பின்னையும் மாற்றுங்கள். அப்புறம், டயல்பேட் ஒலியை அணைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது உங்கள் போனில் கேட்பதை மட்டும்தான் நிறுத்தும். எதிர்முனைக்கு எண் போய்க்கொண்டேதான் இருக்கும். தெரியாத யாராவது அழைத்து, "பின்னைச் சொல்ல வேண்டாம், அழுத்தினால் போதும்" என்றால் உடனே துண்டியுங்கள். அழுத்துவதும் சொல்வதும் ஒன்றுதான்.