0.42 என்ற எண்ணும் எழுதாமல் விட்ட ஒரு வரியும்

பாதியில் நிற்கும் கிடங்கு ரோபோவை முந்தைய அணியிடமிருந்து வாங்கிக்கொண்டு, சில வாரங்கள் கழித்துக் கலங்கிப்போய் என்னிடம் வரும் மாணவர் அணிகளை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். ஒப்படைப்புக் குறிப்பு எங்கே என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "புரோகிராம் கோடு முழுவதும் Git களஞ்சியத்தில் இருக்கிறது, சார்."

கடைசியாக வந்த அணியின் ரோபோ, இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டால் திரும்பும் வகை. சுற்றுப்புறத்தை லேசரால் அளக்கும் லைடார் இன்னும் இணைக்கப்படாததால், சக்கரச் சுழற்சியை எண்ணித்தான் அது தன் இடத்தைக் கணக்கிட்டது. அமைப்புக் கோப்பில், சக்கர இடைவெளியை மீட்டரில் குறிக்கும் இந்த வரி இருந்தது:

```
wheel_separation: 0.42
```

ஒரு மாணவர் டேப் வைத்து அளந்தார். சக்கர மையங்களுக்கிடையே 40 செ.மீ.தான் இருந்தது. பழைய அணியின் பிழை என்று முடிவுகட்டி 0.40 ஆக்கிவிட்டார். அதன்பின் 90 பாகை திரும்பச் சொன்னால் ரோபோ ஏறத்தாழ 85.7 பாகையே திரும்பியது; அப்படித் திரும்பி 5 மீட்டர் ஓடினால் 37 செ.மீ. விலகி அடுக்கில் இடித்தது. திரையிலோ சரியாக 90 பாகை என்றே காட்டியதால், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிஐடி மதிப்புகளை மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

அகலமான மென்டயர் திரும்பும்போது தரையில் தேய்ந்து வழுக்குவதால், சக்கர இடைவெளி கூடியதைப் போல நடந்துகொள்ளும். 0.42 என்பது ரோபோவைச் சுழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்த மதிப்பு. Git-இல் அந்த மாற்றத்துக்கு எழுதியிருந்த விளக்கம் `fix` என்ற ஒரே சொல். கோடு மதிப்பைச் சொல்லும். அதை அளந்து எழுதினீர்களா, சோதித்துக் கண்டீர்களா, ஊகித்துப் போட்டீர்களா என்று அது சொல்லாது. எந்தத் தரையில், எந்த டயரில் என்றும் சொல்லாது. இதை எத்தனை முறைதான் சொல்வது?

ஒப்படைக்கும் அணியினரே, டேப் அளவுக்குப் பொருந்தாத ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பெறும் அணியினரே, எண்ணைத் திருத்துமுன் சோதியுங்கள். முதலில் ரோபோவை நேராக 5 மீட்டர் ஓட்டிச் சக்கர ஆரம் சரியா என்று பாருங்கள். அது தவறாக இருந்தால் அடுத்த சோதனைக்குப் பொருளில்லை. பிறகு தரையில் குறியிட்டு, நின்ற இடத்திலேயே 10 சுற்றுச் சுழலச் சொல்லுங்கள். 0.40 என்றிருந்தபோது இந்த ரோபோ 171 பாகை, அதாவது ஏறக்குறைய அரைச் சுற்று, குறைவாக நின்றது. 0.40-ஐ 3600-ஆல் பெருக்கி, உண்மையில் சுழன்ற 3429-ஆல் வகுத்தால் 0.42 வந்துவிடும்.

இதே ரோபோவில், சோதனை வசதிக்காக அவசர நிறுத்தப் பொத்தானின் இணைப்பைச் சிறு வயரால் பாலம் போட்டு, பொத்தான் வேலை செய்யாதபடி பழைய அணியினர் வைத்திருந்தார்கள். அதுவும் எழுதப்படவில்லை, எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தயவுசெய்து, பெற்றுக்கொண்ட முதல் நாளே சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவைத் தூக்கி நிறுத்தி, மெதுவாகச் சுழலவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். சக்கரம் நிற்காவிட்டால் உடனே மின்கலத்தைக் கழற்றிவிட்டு, வேறெதையும் தொடுமுன் பழைய அணியைத் தொலைபேசியில் பிடியுங்கள்.