காலாண்டுக் கூட்டத்தில் எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது?

பினாங்கு மாநிலம் பிறையில் அட்டைப்பெட்டி செய்து பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு அனுப்புகிறோம். வாடிக்கையாளர்களைக் கவனிப்பது என் பொறுப்பு. பல வருடப் பழக்கமுள்ளவர்களோடு காலாண்டு ஆய்வுக் கூட்டம் வைத்தாலும் வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கிளம்பும்: டெலிவரி நேரத்துக்குப் போனதா, இல்லையா?

ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று மாதத்தில் 120 டெலிவரி. நாங்கள் ஒப்புக்கொண்ட தேதிப்படி 114 சரியாகப் போயிருக்கிறது, அதாவது 95 விழுக்காடு. வாடிக்கையாளர் தன் கொள்முதல் ஆணையான பிஓவில் கேட்ட தேதிப்படி 102தான், 85 விழுக்காடு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஆளுக்கொரு தாளோடு உட்கார்ந்தால் யார் கணக்கு சரி என்பதிலேயே காலை கழிந்துவிடும்.

அதனால் இரண்டு தேதியையும் அருகருகே போட்டு, ஐந்து வேலை நாளுக்கு முன்பே அனுப்புவேன். போய்ச் சேர்ந்த தேதியாக எங்கள் லாரி கிளம்பிய நாளைப் போடுவதில்லை. சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டரான டிஓவில் அவர்கள் ஸ்டோரில் சாப் அடித்த நாளையே போடுவேன். தாமதமான 18ஐயும் காரணத்தோடு பிரிப்பேன். ஆறு, ஒப்புக்கொண்ட பிறகும் நாங்கள் தவறவிட்டவை. மீதி 12இல் கேட்ட தேதியை நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். அதில் மூன்று எங்களிடம் காகிதம் தீர்ந்ததால். ஒன்பது, பேசிவைத்த பத்து நாள் அவகாசம்கூடத் தராமல் வந்த அவசர ஆர்டர்கள்.

இப்படிப் பிரித்த உடனே பேச வேண்டியது தெரிந்துவிடுகிறது. அந்த ஒன்பதுக்கு அவர்கள் ஆறு வார முன்கணிப்பு தர வேண்டும், இல்லையேல் அடிக்கடி ஓடும் அளவுகளில் நாங்கள் இருப்பு வைக்க வேண்டும்; அந்த இருப்புக்கு யார் பொறுப்பேற்பது? இதைக் கொள்முதல் அதிகாரி மட்டும் முடிவு செய்ய முடியாது. உற்பத்தித் திட்டமிடுபவரும் ஸ்டோர் பொறுப்பாளரும் வர வேண்டும் என்று அழைப்பிலேயே கேட்டுவிடுவேன்:

“வணக்கம் மேடம். காலாண்டுக் கூட்டத்தை 14ஆம் தேதி செவ்வாய் அல்லது 15ஆம் தேதி புதன், காலை 10 மணிக்கு உங்கள் ஆலையிலேயே வைத்துக்கொள்ளலாமா? மொத்தம் 90 நிமிடம். டெலிவரியும் தாமதக் காரணங்களும் 20, தரப் புகார்கள் 15, அடுத்த காலாண்டு முன்கணிப்பும் இருப்பும் 40, நிலுவை இன்வாய்ஸ் 5, முடிவுகளைப் பதிய 10. டெலிவரிப் பட்டியலை 7ஆம் தேதிக்குள் அனுப்புகிறேன். உங்கள் முன்கணிப்பையும் அதற்குள் தந்தால் உதவியாக இருக்கும்.”

மாதக் கணக்கு முடிக்கும் முதல் வாரத்தைத் தவிர்க்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும் என்பதால் அன்றும் வேண்டாம். நோன்புப் பெருநாளோ சீனப் புத்தாண்டோ பக்கத்தில் வந்தால் மூன்று வாரம் முன்பே தேதி கேட்டுவிட வேண்டும்.

பட்டியலை எப்போதும் புதுக் கோப்பில் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். பழைய எக்செலில் மறைத்து வைத்த தாளில் இன்னொரு வாடிக்கையாளரின் விலை இருக்கலாம். திறப்பவர் சில கிளிக்கில் பார்த்துவிடுவார்.

அவர்கள் எண்ணிக்கை நம்முடையதோடு ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தால், கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றே ஸ்டோருக்குப் போன் செய்து டிஓ எண் வாரியாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.