வங்கி மேலாளருக்கு மெயில் அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் சிறுதொழில் செய்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைத்தான். அதைக் கேட்டு வங்கிக்கு எழுதும் மெயிலில் இருக்கும் குறைகளால் வாரக்கணக்கில் வேலை தேங்கிவிடுகிறது.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டிய மெயில் இது. பொருள் என்ற இடத்தில் ‘லோன் விஷயமாக’ என்று மட்டும் இருந்தது.

“மேனேஜர் சார், வணக்கம். எனக்குப் போன வருஷ ஸ்டேட்மென்ட் அவசரமா வேணும். ஆடிட்டர் கேக்கறார். மூணு மாசமா ஆர்டர் இல்லை, டியூ கட்டவே கஷ்டமா இருக்கு, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க. ஆதார் இணைச்சிருக்கேன்.”

இதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் அதிகாரியால் எந்தக் கணக்கையும் திறக்க முடியாது. அவருக்கு அதே கிளையில் நடப்புக் கணக்கு, சி.சி. கணக்கு, மெஷினுக்கு வாங்கிய டெர்ம் லோன் என்று மூன்று இருக்கின்றன. கணக்கு எண் இல்லாமல் ஸ்டேட்மென்ட் கேட்டால் பெரும்பாலும் நடப்புக் கணக்கினுடையதுதான் வரும். ‘போன வருஷம்’ என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியதோ ஏப்ரல் முதல் மார்ச் வரை.

நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட் ஏன் போதாது? அதில் மாதாமாதம் 25,000 ரூபாய் தவணை போனது மட்டும்தான் தெரியும். ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். அதில் 1,92,000 அசல், 1,08,000 வட்டி என்று வைத்துக்கொள்வோம். செலவாகக் காட்டக்கூடியது வட்டி மட்டுமே; அசல் கடன் பாக்கியில் கழியும். இந்தப் பிரிவினை கடன் கணக்கில்தான் இருக்கிறது. வட்டிச் சான்றிதழ் ஆண்டு மொத்தத்தைச் சொல்லும். ஆனால் எந்தத் தேதியில் வட்டி போட்டார்கள், எப்போது கட்டினோம், தாமதத்துக்கு அபராதக் கட்டணம் பிடித்தார்களா என்பதற்கு ஸ்டேட்மென்ட்தான் வேண்டும்.

அடுத்து, ‘டியூ கட்டவே கஷ்டமா இருக்கு’ என்ற வரி. அதை எடுத்துவிடச் சொன்னேன். உண்மையை மறைப்பதற்காக இல்லை. தவணையை மாற்றி அமைக்க வேண்டும் என்றால் அது தனிக் கோரிக்கை. விற்பனை விவரம், வர வேண்டிய பாக்கி எல்லாம் வைத்துத் தனியாக எழுத வேண்டும். ஸ்டேட்மென்ட் கேட்கும் மெயிலில் போகிற போக்கில் எழுதினால் அதற்கு உதவியும் கிடைக்காது, கடன் தடுமாறுகிறது என்ற பதிவு மட்டும் எழுத்தில் நிற்கும்.

வங்கி கேட்காதபோது ஆதார் நகலும் தேவையில்லை. கடனுக்காக வங்கியில் பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்து அனுப்புவதுதான் முக்கியம். மகனுடைய மெயிலிலிருந்து போனால் வாடிக்கையாளர் விவரத்தை வங்கி தராது, தரவும் கூடாது. பெறுநர் முகவரியை எப்போதோ சேமித்து வைத்ததிலிருந்து எடுக்காதீர்கள். இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் .bank.in என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்தத் தளத்தில் உள்ள கிளை முகவரியையே எடுங்கள்.

திருத்திய பிறகு மெயில் இப்படி ஆனது:

“பொருள்: டெர்ம் லோன் கணக்கு எண் ______ – 01.04.2024 முதல் 31.03.2025 வரையிலான ஸ்டேட்மென்ட் வேண்டுதல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள மேற்கண்ட கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டை, தொடக்க இருப்பு, அசல், வட்டி, பிற கட்டணங்கள் தெரியும்படி, பி.டி.எஃப். வடிவில் இந்த மெயில் முகவரிக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வருமான வரிக் கணக்கு தாக்கலுக்காக இது தேவைப்படுகிறது. இதற்குக் கட்டணம் இருந்தால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
(பெயர், நிறுவனம், பதிவு செய்த கைபேசி எண்)”

கணக்கு எண்ணைக் கடன் அனுமதிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்க்கச் சொன்னேன். எழுத்துப் பிழை இருந்தால் அதிகாரி புரிந்துகொள்வார். எண்ணில் பிழை இருந்தால் கணக்கே கிடைக்காது. மேலாளர் வேறு மாநிலத்தவராக இருந்தால் இதையே ஆங்கிலத்தில் அனுப்பலாம்.

ஸ்டேட்மென்ட் வந்ததும் அதன் தொடக்க இருப்பு, நம் புத்தகத்தில் முந்தைய மார்ச் 31 அன்று இருந்த கடன் பாக்கியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் முந்தைய ஆண்டில் வட்டியோ கட்டணமோ விடுபட்டிருக்கும்.

பதில் வராவிட்டால் அதே மெயிலின் தொடர்ச்சியாக நினைவூட்டுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகாராகப் பதிவு செய்யுங்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். அங்கே புகாரின் நகலோடு முதலில் அனுப்பிய மெயிலையும் இணைக்கலாம். எந்தக் கணக்குக்கு, எந்தக் காலத்துக்கு, எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதை அதுவே காட்டும்.